கூட்டுக் கணக்கில் ஒருவர் இல்லாதபோது
(மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான சந்திப்பில் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

வெயிலுக்குள் நடந்து வந்திருக்கிறீர்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு ஆறுதலாக இருந்து கேளுங்கள். நான் வங்கிக் கௌண்டரில் பல வருடங்கள் இருந்தவள். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றபோது உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்ட சில விசயங்களைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

போன கிழமை விதானையாரின் அலுவலகத்தில் இருந்தபோது ஒரு தங்கச்சி பொலித்தீன் பையைத் திறந்து ஒரு வங்கிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினா. ஓரமெல்லாம் கறள் பிடித்த மாதிரி நிறம் மாறியிருந்தது. அவவின் பெயரும் புருசனின் பெயரும் அதில் இருந்தன. "அக்கா, இவருடைய பெயரை எடுத்தால்தானே எனக்குக் காசு தருவினம்?" என்று கேட்டா. கேள்வி சரியானதுதான். ஆனால் அதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கணக்கைத் திறந்த நாளில் நீங்கள் இருவரும் எந்த வரியின் கீழ் கையெழுத்து வைத்தீர்கள்?

கூட்டுக் கணக்குத் திறக்கும் படிவத்தில் கணக்கை எப்படி இயக்குவது என்று ஒரு பகுதி இருக்கும். கணவனும் மனைவியும் திறக்கும் சேமிப்புக் கணக்குகளில் பெரும்பாலும், இருவரில் எவரும் தனியே கையெழுத்திட்டுக் காசு எடுக்கலாம், ஒருவர் இறந்தால் உயிரோடிருப்பவருக்கு மிகுதியைக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கும். வேறு சில கணக்குகளில் இருவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும் என்று இருக்கும். சங்கக் கணக்கு, காணி விற்ற காசு போட்ட கணக்கு, அண்ணன் தம்பி சேர்ந்து திறந்த கணக்கு போன்றவற்றில் இந்த இரண்டாவது வகையை அதிகம் கண்டிருக்கிறேன். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது வங்கியில் இருக்கும் படிவத்திலும் கையெழுத்து அட்டையிலும்தான் இருக்கிறது.

ஆகவே வங்கிக்குப் போனதும் முதல் வேலையாக, "இந்தக் கணக்கின் இயக்க அறிவுறுத்தல் என்ன? உயிரோடிருப்பவருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல், "அவர் இறந்திட்டார், காசை எடுக்க வேணும்" என்று மட்டும் சொன்னால், புதிதாக வந்த பிள்ளை கௌண்டரில் இருந்து, "நீதிமன்றத்தால் நிர்வாகக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிடக்கூடும். அது தனிப்பெயர்க் கணக்குகளுக்குச் சொல்லிப் பழகிய பதில். உயிரோடிருப்பவருக்கு என்ற வரி இருக்கும் கணக்குக்கு வழமையாக நீதிமன்றம் தேவைப்படாது. மரண அத்தாட்சிப் பத்திரமும் உங்கள் அடையாள அட்டையும் போதுமாக இருக்கும். இந்த ஒரு வரிக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பெயரை நீக்குவது என்று நாம் சொன்னாலும், பெரும்பாலான வங்கிகளில் பழைய கணக்கில் ஒரு பெயரை வெட்டிவிட்டு மற்றப் பெயரோடு அதே இலக்கத்தைத் தொடர விடமாட்டார்கள். பழைய கணக்கை மூடி, மிகுதியை உங்கள் தனிப் பெயரில் திறக்கும் புதுக் கணக்குக்கு மாற்றுவார்கள். இலக்கம் மாறும், புத்தகமும் அட்டையும் மாறும். பழைய இலக்கத்துக்கு வந்துகொண்டிருக்கும் காசுகளையும் அப்போது மாற்றிவிட வேண்டும். அஸ்வெசும கொடுப்பனவு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசு, நெல் விற்ற காசு என்று எதெல்லாம் பழைய இலக்கத்துக்கு வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அட்டை, தொலைபேசி இலக்கம், குறுஞ்செய்தி வசதி எல்லாம் இறந்தவரின் பெயரில் இருந்தால் அவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அவருடைய ஏ.டி.எம். அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களிடம் இருக்கிறது என்பதற்காக, அவர் இறந்த பின் அதைப் போட்டுக் காசு எடுக்க வேண்டாம். அந்த அட்டை அவர் கையால் பாவிப்பதற்கென்று கொடுக்கப்பட்டது. பின்னர் பிள்ளைகளோ சகோதரங்களோ கேள்வி கேட்டால், உங்களிடம் நல்ல எண்ணம் இருந்தாலும் அதைக் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. ஓய்வூதியம் அந்தக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர் இறந்த பின்னரும் தவறுதலாக வந்த மாதங்களின் ஓய்வூதியம் அரசாங்கத்தின் காசு. அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். விதவைக்குரிய ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பிக்கும்போது இந்தக் கணக்கு எல்லாம் வெளியே வரும். ஆகவே இறப்பை வங்கிக்கு வேளைக்கே அறிவியுங்கள்.

இப்போது உங்களில் பலருக்கு உள்ள நிலைமைக்கு வருவோம். நான் பார்த்த பல குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். புருசனோடு சேர்த்து ஒரு சேமிப்புக் கணக்கு. 2008ஆம் ஆண்டில் கடைசியாக 4,000 ரூபா போட்டிருக்கிறார்கள், மிகுதி 62,400 ரூபா. 2009 மே மாதத்தில் புருசன் இறந்ததை அக்காவும் பக்கத்து வீட்டுக்காரரும் கண்டார்கள். ஆனால் பதிவு செய்வதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை. முகாம், உறவினர் வீடு, பிறகு சொந்தக் காணி என்று வந்து சேர்ந்து, வருடங்கள் கழிந்து இப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறா.

வங்கி கேட்கும் முதல் தாள் மரண அத்தாட்சிப் பத்திரம். அது இல்லை. அதைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது: இறப்புகளைப் பதிவுசெய்தல் தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டம். பயங்கரவாத நடவடிக்கை அல்லது உள்நாட்டுக் குழப்பம் காரணமாக ஒருவர் காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலாகி, அவர் இறந்துவிட்டதாக நம்பப்பட்டால், உடல் கிடைக்காவிட்டாலும் அவருடைய இறப்பைப் பதிவுசெய்ய அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிரதேச செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் படிவம் இருக்கும். படிவத்தோடு சத்தியக் கடதாசி ஒன்று, விதானையாரின் அறிக்கை, கண்ட சாட்சிகள் இருந்தால் அவர்களின் சத்தியக் கடதாசிகள் எல்லாம் போக வேண்டும். சத்தியக் கடதாசியை சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டுக்கொள்ளலாம்.

அந்த அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உதவினார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சாட்சி யாரும் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். கடைசியாக அவரை எங்கே, எப்போது கண்டீர்கள், அதற்குப் பிறகு யார் யாரிடம் முறையிட்டீர்கள் என்பதை ஒழுங்காக எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

மரணப் பத்திரம் கிடைத்தது. அக்கா வங்கிக்குப் போனா. அங்கே அடுத்த தடங்கல், இரண்டு பெயர்களும் ஒத்துப்போகவில்லை. வங்கிப் புத்தகத்தில் தகப்பனின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருந்தது, மரணப் பத்திரத்தில் முழுப் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்தும் கூடிவிட்டது. எங்கள் பெயர்களுக்கு இது எப்போதும் நடப்பதுதான். இதற்காகப் பெயரைத் திருத்தப் போய் மாதக்கணக்கில் நிற்க வேண்டாம். இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி செய்து, விதானையாரின் கடிதமும் பழைய அடையாள அட்டையின் இலக்கமும் சேர்த்துக் கொடுத்தால் வங்கி ஏற்றுக்கொள்வது வழமை. அடையாள அட்டை தொலைந்திருந்தாலும் இலக்கம் எங்காவது இருக்கும். பிள்ளையின் பாடசாலைச் சேர்ப்புப் படிவத்திலோ பழைய குடும்ப அட்டையிலோ தேடிப் பாருங்கள்.

மூன்றாவது தடங்கல்தான் பலரை வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. "இந்தக் கணக்கில் காசில்லை" என்று சொல்வார்கள். வங்கிச் சட்டத்தின்படி, பத்து வருடங்களாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் கிடக்கும் கணக்கைக் கைவிடப்பட்ட சொத்தாகக் கணக்கெடுத்து, அந்தக் காசை வங்கி மத்திய வங்கிக்கு அனுப்பிவிட வேண்டும். 2008இல் கடைசியாகக் காசு போட்ட கணக்கு இந்த விதிக்குள் வந்துவிடும். ஆனால் அந்தக் காசு இல்லாமல் போய்விடவில்லை. உரிமையாளர் தன் வங்கியின் ஊடாகவே அதைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே "காசில்லை" என்ற சொல்லோடு எழும்பி வந்துவிடாதீர்கள். "மத்திய வங்கிக்குக் கைவிடப்பட்ட சொத்தாக அனுப்பப்பட்டதா? அப்படியானால் மீளக் கோரும் படிவத்தைத் தாருங்கள்" என்று கேளுங்கள். மற்ற வேலைகளை விட இது நாள் எடுக்கும். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைத் திறந்த கிளை இப்போது அந்த ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதே வங்கியின் வேறு கிளைக்குப் போகலாம். கணனிக்கு மாற்றும்போது கணக்கிலக்கங்களும் மாறியிருக்கும். பழைய புத்தகத்தில் உள்ள இலக்கத்தை வைத்துப் புது இலக்கத்தைத் தேட அவர்களால் முடியும். புத்தகமே இல்லாவிட்டால் இருவரின் அடையாள அட்டை இலக்கங்களையும், திறந்த கிளையையும், ஏறத்தாழ எந்த வருடம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இப்போது கொஞ்சம் கடினமான பகுதி. இங்கே இருக்கும் சிலருக்கு அவர் இறந்தாரா என்பதே தெரியாது. தெரியாத ஒன்றை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், வேறு யாரும் உங்களை நெருக்கவும் கூடாது. அதற்காகத்தான் 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது அவர் இறந்ததாகச் சொல்வதில்லை. அவர் இப்போது இல்லை, எங்கே என்று தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறையிட்டு அங்கிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கிளிநொச்சி ஆகிய இடங்களில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. சான்றிதழ் எடுத்ததால் தேடுவது நின்றுவிடாது.

ஆனால் வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை இந்த இரண்டு தாள்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அதை மறைக்காமல் சொல்கிறேன். மரணப் பத்திரத்தோடு போனால் உயிரோடிருப்பவருக்கு என்ற வரி வேலை செய்யும், பழைய கணக்கை மூடலாம். காணாமற்போனமைச் சான்றிதழோடு போனால் வங்கியின் கண்ணில் அவர் இன்னும் கணக்கின் உரிமையாளர்தான், அவருடைய பெயர் கணக்கில் இருக்கும். அவருடைய சொத்துக்களைப் பார்த்துக்கொள்வதற்கு அந்தச் சான்றிதழைப் பயன்படுத்தலாம் என்பதால், அதன் பிரதியையும் ஒரு கடிதத்தையும் முகாமையாளரிடம் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் கணக்கு எவரும் தனியே கையெழுத்திடும் வகை என்றால் உண்மையில் உங்களுக்கு இந்தத் தாள்கள் எதுவுமே தேவையில்லாமல் இருக்கலாம். நீங்கள் ஒரு கணக்கு உரிமையாளர். உங்கள் கையெழுத்தே போதும். அவருடைய பெயரைத் தொடாமல் உங்கள் காசை எடுத்துப் பாவிக்கலாம், கணக்கும் உயிரோடு இருக்கும். பல அம்மாமாருக்கு இந்த ஒரு விசயம் பெரிய சுமையை இறக்கி வைத்திருக்கிறது. கணக்கு நீண்ட காலம் அசையாமல் இருந்தால் அதைத் திரும்ப இயங்கச் செய்ய அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மரணப் பத்திரம் எடுத்த பின் அவர் உயிரோடு இருப்பது தெரியவந்தால் என்ன செய்வது என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பதிவை இரத்துச் செய்வதற்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்தத் தாளை எடுப்பது என்பது உங்கள் மனதைப் பொறுத்தது. வங்கி வேலைக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம்.

இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கு என்றால், உயிரோடிருப்பவருக்கு என்ற வரி இல்லாவிட்டால், வேலை கூடும். இறந்தவரின் பங்கை வங்கி அவருடைய முதுசமாகப் பார்க்கும். தொகை சிறிதாக இருந்தால், உரித்துடையவர்கள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதங்களையும், பிற்காலத்தில் யாராவது உரிமை கோரினால் வங்கிக்கு ஈடு செய்வோம் என்ற பிணைப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். எவ்வளவு தொகை வரை இப்படிக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே வைத்திருக்கிறது, ஆகவே உங்கள் கிளையில் கேளுங்கள். அதற்கு மேல் போனால் மாவட்ட நீதிமன்றத்தில் முதுச வழக்கு வைத்து நிர்வாகக் கடிதம் எடுக்க வேண்டும். பிள்ளைகளில் யாராவது பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், அந்தப் பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட முடியாது. தாய் அதற்காகக் கையெழுத்திட்டாலும் வங்கி ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். அந்த நிலையில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் காசு வாங்காமல் வழக்காடித் தருவார்கள்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும். வங்கி காசை உங்களுக்குத் தந்துவிட்டால் அது முழுவதும் உங்களுடையதா? வங்கி யாரிடம் கொடுத்தால் தன் பொறுப்பு முடியும் என்பதைத்தான் அந்தப் படிவத்தின் வரி சொல்கிறது. காசு யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டம்தான் சொல்லும். தேசவழமை பொருந்தும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம் என்றால், கலியாணத்துக்குப் பின் தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ சேரும், மறுபாதி இறந்தவரின் உரித்தாளர்களுக்கு. கிழக்கு மாகாணத்தில் சட்டம் வேறு, முஸ்லிம் குடும்பங்களுக்கும் வேறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயதான தாயோடு ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்துத் திறந்த கணக்குகள் நிறைய இருக்கின்றன. தாய்க்கு நடக்க முடியாது, மகள் போய்க் காசு எடுத்து வருவதற்காகச் சேர்த்த பெயர். தாய் இறந்த பின் வங்கி அந்த மகளுக்குத்தான் கொடுக்கும். மற்றச் சகோதரங்கள் கேட்டு வந்தால் அப்போதுதான் பிரச்சினை. செத்த வீட்டுச் செலவு, மருந்துச் செலவு என்று எதற்குச் செலவழித்தீர்களோ அந்தப் பற்றுச்சீட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இருவரும் உயிரோடு இருந்து பிரிந்து போனவர்களின் விசயம். சத்தமாகச் சொல்வது எல்லாருக்கும் விருப்பமில்லாத விசயம் என்று தெரியும். ஆனால் இடம்பெயர்ந்த வருடங்களில் பிரிந்து போன குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை அவருடைய கையெழுத்து இல்லாமல் வங்கி நீக்காது. பொலிஸ் நிலையத்தில் இருவரும் பிரிந்து போகிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளையோ, விதானையார் முன்னால் செய்த இணக்கத்தையோ கொண்டுபோனாலும் நீக்காது. அந்தத் தாள்கள் உங்களுக்கிடையில்தான். வங்கிக்கு அவை கட்டளை ஆகா. விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும், தீர்ப்பில் அந்தக் கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் வங்கி அதையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்.

ஆனால் ஒன்றை நீங்கள் தனியாகவே செய்யலாம். எவரும் தனியே எடுக்கலாம் என்ற அனுமதியை நீங்கள் நிறுத்தச் சொல்லலாம். முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்: "மேற்குறிப்பிட்ட இலக்கக் கணக்கில் எங்களில் எவரும் தனியே காசு எடுப்பதற்கு நான் கொடுத்த சம்மதத்தை இன்றிலிருந்து மீளப் பெறுகிறேன். இனிமேல் இருவரின் கையெழுத்தும் இருந்தால் மட்டும் காசு கொடுக்கவும். ஏ.டி.எம். அட்டைகளையும் நிறுத்தவும்." திகதியும் கணக்கிலக்கமும் உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் வங்கியின் முத்திரையும் திகதியும் போடுவித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முத்திரைப் பிரதி இல்லாவிட்டால் கடிதம் கொடுத்ததாகவே கணக்கில்லை. நான் கௌண்டரில் இருந்தபோது, வாயால் சொல்லிவிட்டுப் போன ஒரு பெண் அடுத்த கிழமை வந்து அழுததைக் கண்டிருக்கிறேன். கணக்கில் மிஞ்சியது நூறு ரூபாவுக்கும் குறைவு.

கடிதம் கொடுத்தால் அவருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் கதவு மூடப்படும் என்பதை மறக்கக்கூடாது. பிள்ளைகளுக்கான செலவுக் காசு அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறதென்றால், முதலில் உங்கள் தனிப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, உங்களுக்கு வரும் கொடுப்பனவுகளை அதற்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு கடிதத்தைக் கொடுங்கள்.

அவர் இணங்கினால் எளிது. இருவரும் அடையாள அட்டைகளோடு ஒரே நாளில் வங்கிக்குப் போய், மிகுதியை இவ்வளவு அவருக்கு, இவ்வளவு எனக்கு என்று எழுதிக் கணக்கை மூடலாம். அவர் வெளிநாட்டில் என்றால், அங்கிருக்கும் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்திய கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். என்ன வாசகத்தில் எழுத வேண்டும் என்று முதலிலேயே வங்கியைக் கேட்டு எழுதுவித்தால் கடிதம் இரண்டு தரம் போய் வராது. கணக்கோடு சேர்ந்த கடனோ அடகோ இருந்தால் அதை முதலில் பாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து வைத்திருந்தால், சேமிப்புக் கணக்கிலிருந்து பெயர் போனாலும் கடனிலிருந்து பெயர் போகாது.

இணங்காவிட்டால் வழக்கைத் தவிர வேறு வழியில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்தோ பிரிவோ கேட்டு வழக்குப் போட்டால், கணக்கின் இலக்கத்தையும் கிளையையும் விண்ணப்பத்தில் எழுதி, அதைப் பற்றி ஒரு கட்டளை கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பலர் வீட்டைப் பற்றிச் சொல்வார்கள், காணியைப் பற்றிச் சொல்வார்கள், கணக்கை மறந்துவிடுவார்கள். பிள்ளைகளின் தாபரிப்புக் காசுக்கு இந்த வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அது 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கும் விசயம்.

முடிவில் கேள்வி கேட்கும்போது ஒரு ஐயா கேட்டார், பிரிந்து போன மனைவியின் பெயர் கணக்கில் இருக்க அவர் இறந்தால் என்ன நடக்கும் என்று. உயிரோடிருப்பவருக்கு என்ற வரி இருந்தால், பத்து வருடமாகக் கதைக்காத அந்த மனைவியிடம்தான் வங்கி காசைக் கொடுக்கும். இப்போது அவரோடு இருந்து பார்க்கும் ஆளுக்கோ தங்கைக்கோ கொடுக்காது. வங்கிக்குப் பிரிந்தது தெரியாது, தெரிந்தாலும் அதைத் தீர்ப்பது அதன் வேலையில்லை. ஐயா அந்தப் பதிலைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றார். எனக்கும் அவருக்கு வேறு பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வழி, புதுக் கணக்கைத் திறக்கும் நாளிலேயே நியமனப் படிவம் கேட்பது. தனிப் பெயர்க் கணக்கு வைத்திருப்பவர், தான் இறந்தால் அந்தக் காசை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவரின் பெயரை எழுதிக் கொடுக்கலாம். சாட்சியோடு கையெழுத்திட வேண்டும், பின்னர் விரும்பினால் மாற்றவும் முடியும். நியமனம் இருந்தால், இன்று நீங்கள் பட்ட அலைச்சலை உங்கள் பிள்ளை படாது. கணக்குத் திறக்கும்போது பெரும்பாலும் இந்தப் படிவத்தை வங்கி தானாக எடுத்துத் தராது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வங்கி உங்களைக் காரணமில்லாமல் திருப்பினால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். முதலில் கிளை முகாமையாளர், பிறகு வங்கியின் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, அங்கும் தீராவிட்டால் நிதிசார் ஒம்புட்ஸ்மனுக்குத் தமிழிலேயே எழுதலாம். வெளியே மரத்தடியில் மேசை போட்டிருக்கிறோம். வங்கிப் புத்தகம் கொண்டு வந்தவர்கள் அங்கே வாங்கோ, உங்கள் கணக்குக்கு எந்தக் கடிதம் வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பார்ப்போம். புத்தகம் இல்லாதவர்களும் வாங்கோ.